கோட்டை வாசலிலிருந்து புல்மோட்டை வரை

திருகோணமலையிலிருந்து கடலை ஒட்டி வடக்கே புல்மோட்டைக்குப் போகும் வீதி ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. போய்வந்தவர்கள் எழுதும் பயணக்கதையில் மனதில் அதிகம் பதிந்த இடம்தான் முதலில் வரும்: புறாமலை, பிறகு கோணேசர் கோயில், கடைசியில் கன்னியா. அந்த வரிசையையே நாள்திட்டமாக்கினால் நண்பகலில் கோயில் வாசலில் நிற்பீர்கள், நடை சாத்தியிருக்கும். கதையைத் திட்டமாக்குகிறவர் முதலில் தேட வேண்டியது, எந்த இடம் எந்த நேரத்தைக் கேட்கிறது என்பதை.

முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஓட்டோவில் கன்னியா. அது அனுராதபுர வீதிப் பக்கம், நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர். ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் ஒரு மணிநேரம் தாராளம். திரும்பி வந்து பிரெட்ரிக் கோட்டை வாசலில் இறங்கி, மான்கள் மேயும் பாதையில் நடந்தால் மாலைப் பூசைக்குக் கோயிலில் இருக்கலாம்.

இரண்டாம் நாள் காலை புறாமலைக்கு உரியது. பொழுது ஏற ஏறக் காற்று கூடும், அலை எழும், தண்ணீர் கலங்கும், பவளம் தெரியாது. அங்கே படகேறும் நிலாவெளி, உப்புவெளி தாண்டி சுமார் 15 கிலோமீற்றர். நின்று நின்று போகும் பஸ்ஸுக்கு முக்கால் மணி ஒதுக்கி, எட்டு மணிக்குள் கரையில் இருங்கள்.

செலவுக் கணக்கு பிழைப்பது இங்கேதான். நுழைவுச்சீட்டு தலைக்கு இவ்வளவு. படகுக்கூலியோ முழுப் படகுக்கும் சேர்த்து. “எனக்கு இவ்வளவு முடிந்தது” என்று எழுதியவர் எத்தனை பேரோடு போனார் என்று பார்க்காமல் அந்தத் தொகையை எடுக்கக் கூடாது. பேச்சுக்குப் படகு 6,000 ரூபா என்று வைத்தால், ஆறு பேருக்குத் தலைக்கு 1,000, இருவருக்கு 3,000. ஆகவே திட்டத்தில் தலைச்செலவு ஒரு வரி, குழுச்செலவு இன்னொரு வரி. சீட்டில் உள்ளூராருக்கும் வெளிநாட்டாருக்கும் விலை வேறு என்பதையும் குறிக்க வேண்டும். திரும்பும் வழியில் ஆறாம் மைலுக்கு அருகிலுள்ள போர்க்கல்லறைக்கு அரைமணி போதும்.

மூன்றாம் நாள் வெள்ளென வடக்கே. இறக்கக்கண்டிப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய பயணக்கதைகளின் நேரக்கணக்கு இன்றைக்கு உதவாது. குச்சவெளியில் நிற்காமல் திரியாய் போங்கள். குன்றின் மேலுள்ள பழைய பௌத்த வட்டதாகையை வெறுங்காலோடுதான் சுற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் கல் சுடும். பிரதான வீதியிலிருந்து அது உள்ளே இருப்பதால், பஸ்ஸில் வருகிறவர் ஓட்டோக் கூலியையும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அரிசிமலைக் கரை, இல்மனைற் மணலுக்குப் பெயர்போன புல்மோட்டை. இருட்டுமுன் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கென்று இறங்கியதுமே கேட்டுவையுங்கள்.

நீங்கள் இப்படியொரு திட்டம் எழுதினால், ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் மாதமும் ஆண்டும் போடுங்கள். கார்த்திகை, மார்கழியில் வருகிறவருக்குப் புறாமலைக் காலையை அடித்துவிடுங்கள். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்.