கண்ணாடிக்கதவு ஏன் இழுபடுது?

நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற அனெக்ஸில் குளியலறையின் தள்ளுகதவு தண்டவாளத்தில் உரசி இழுபடத் தொடங்கியது. கண்ணாடி உடைந்தால் எங்கட முற்பணத்தில்தான் கழிப்பார்கள்.

கதவை மெதுவாக மூடிப் பார்த்தோம். மேல்மூலை முதலில் சட்டத்தில் முட்டியது, கீழே இடைவெளி நின்றது. அப்படியெண்டால் மூடும் பக்கத்து மேல் ரோலர் இறங்கிவிட்டது. ஒருவர் கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் கீழ் ரோலரின் பொத்தானை அமத்திக் கழற்றினார். பிறகு மேல் ரோலரின் சரிசெய்யும் ஸ்குரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மூடிப் பார்த்தோம். இடைவெளி மேலும் கீழும் ஒன்றானதும் உரசல் நின்றது.

ஆனாலும் கதவு கடகடத்தது. கீழ் ரோலரின் சில்லு ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அதைக் கையோடு கொண்டுபோய், அதே விட்டத்தில் சோடியாக வாங்கினோம்.

ரப்பர் சீலும் இறுகி வெடித்திருந்தது. அதை வாங்கக் கண்ணாடியின் தடிப்பு தெரியவேணும்; எங்கடது 6 மில்லிமீற்றர். பழையதன் நீளத்துக்கே வெட்டினோம். அதன் நாக்கு அடியைத் தொட்டால் போதும், மடங்கினால் கதவு திரும்ப இழுபடும்.

கண்ணாடி விளிம்பு சிதைந்திருந்தால் மட்டும் கை வைக்காதேங்கோ. அது பதப்படுத்திய கண்ணாடி; ஒரேயடியாய் நொறுங்கிவிடும்.