கோடு போட்ட கட்டம்

மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் எங்கள் மகளிர் குழு ஊக்குநரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்ல முடியாது. சொன்னால் மாலையில் கஞ்சியோடு வந்து நிற்பார். அதனால் உள்ளதையே சொன்னேன்: "அக்கா, ஞாயித்துக்கிழமை நாத்தனார் பொண்ணுக்கு வளைகாப்பு. கூட்டத்துக்கு வர முடியாதுக்கா."

"பணத்தை யார்கிட்ட குடுத்தனுப்புற?"

வரவில்லையே என்று வருத்தமில்லை, போய் வா என்று வாழ்த்துமில்லை. எங்கள் குழுவில் ஆள் வராமல் இருக்கலாம், பணம் வராமல் இருக்க முடியாது. சேமிப்பு 200. கடனில் பாக்கி 10,000, அதற்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி 100. தவணை 1,000. ஆக 1,300. முன்கூட்டியே சொன்னதால் அபராதம் இல்லை.

போன வருஷமும் இப்படித்தான் பக்கத்து வீட்டில் பணத்தைக் கொடுத்தனுப்பினேன், பாஸ்புக்கை மறந்துவிட்டேன். பேரேட்டில் வரவாகிவிட்டது, என் பாஸ்புக்கில் ஏறவில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டபோது 200 ரூபாய்க்கு ஒரு மணி நேரம் வாக்குவாதம். அதிலிருந்து பணமும் பாஸ்புக்கும் ஒரே மஞ்சள் பையில்தான் போகும்.

இந்த முறை அக்கா இன்னொன்றும் சொன்னார். "தீர்மான நோட்டுல உன் இடத்தை விட்டு வைக்கிறேன். திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுடு."

கையெழுத்து என்றதும் அம்மாதான் நினைவுக்கு வருவாள். தருமபுரிப் பக்கம் 1989-இல் மகளிர் குழுக்கள் தொடங்கின. சில வருஷத்தில் அம்மாவும் ஒன்றில் சேர்ந்தாள், கைநாட்டோடு. இரவு பாத்திரம் தேய்த்து முடித்ததும், ஈரவிரலால் சிமெண்டுத் தரையில் தன் பெயரை எழுதுவாள். கடைசி எழுத்தை முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும். மறுபடி எழுதுவாள். முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை, விரலில் இருந்த மையையும் கழுவவில்லை. அதன் பிறகு அவள் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போகாமல் இருந்ததில்லை. கடனுக்காக அல்ல, கையெழுத்துப் போடுவதற்காக என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்படிப்பட்டவளின் மகள், உட்காராத கூட்டத்தில் உட்கார்ந்ததாக எப்படி எழுதுவது? அன்றைக்கு யாருக்காவது கடன் கொடுக்கத் தீர்மானம் போட்டிருப்பார்கள். அதற்கு நானும் சம்மதித்ததாக ஆகிவிடும். வங்கியில் நோட்டைப் புரட்டுகிறவர்களுக்கும் இப்படிப் பிறகு கையெழுத்துப் போடுவது தெரியும். ஒரு மாதம்கூட ஒருவர்கூட விடுபடாமல், எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில் இருந்தால் அவர்களுக்குச் சந்தேகம்தான் வரும்.

"கோடு போட்டுடுங்கக்கா" என்றேன். அக்கா ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் போட்டுவிட்டார்.

அந்த மாதப் பக்கத்தில் 14 கையெழுத்து. பதினைந்தாவது கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அன்று நான் வளைகாப்பில் இருந்தேன்.