மொட்டை மாடிக்கு வந்த விருந்தாளி

ஜூன் 24

தென்காசிப் பக்கத்தில் ஒரு மாணவர் விடுதியின் காப்பாளரிடமிருந்து இன்று தபாலில் கடிதம் வந்தது. இரண்டு பக்கம், நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. கூடவே ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்ட ஒரு படம். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும் பாம்பு, பல்லி, வண்டு என்று படம் அனுப்பிக் கேட்பவர்கள் குறையவில்லை. ஆனால் இவ்வளவு பொறுமையாகப் பார்த்து எழுதியவர்கள் குறைவு. அவர் எழுதியதில் முக்கியமான பகுதியை இங்கே அப்படியே எடுத்து எழுதி வைக்கிறேன்.

"ஐயா, சாயந்திரம் விளக்குப் போடும் நேரத்தில் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போன பையன்கள் அலறிக்கொண்டு இறங்கி வந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அது தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற குழாயின் மேல் நடந்துகொண்டிருந்தது. பூனையைவிட நீளம், கால் குட்டை. மூக்கும் முகமும் கறுப்பு, கண்ணுக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டு. வால் உடம்பளவுக்கு இருந்தது, முழுக்கக் கறுப்பு. என்னைப் பார்த்து ஓடவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டு நாவல் மரக் கிளையைப் பிடித்து இறங்கிப் போய்விட்டது. பையன்கள் சிறுத்தைக்குட்டி என்கிறார்கள். சமையல்கார அண்ணாச்சி கீரி என்கிறார். பையன்களுக்கு ஆபத்து உண்டா என்பதுதான் என் கவலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டி மூடியின் மேல் கொஞ்ச நாளாகக் கொட்டை கொட்டையாக எச்சம் கிடக்கிறது. பையன்கள் நாவல் பழம் தின்று துப்பியது என்று நினைத்துத் திட்டிவிட்டேன்."

படத்தில் மங்கலாக ஒரு பழுப்பு உருவம், குழாயின் மேல். அவ்வளவுதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஜூன் 25

படத்தை மட்டும் அனுப்பியிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். படம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பழுப்பு நிறத்தில், நீண்ட வாலோடு, மரம் ஏறுகிற விலங்கு என்றால் முதலில் மனதில் வருவது பழுப்பு மரநாய். அது உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் இந்த மலைத்தொடரில் மட்டும் வாழ்வது. மழைக்காட்டு மரங்களை விட்டு அதிகம் வெளியே வராது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் திவ்யா முடப்பா அதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். அது ஒரு விடுதி மாடிக்கு வந்தது என்றால் சாதாரணச் செய்தி இல்லை.

ஆனால் அந்தப் பழுப்பை நம்பக் கூடாது என்பதற்குப் படத்திலேயே சாட்சி இருக்கிறது. இடது ஓரத்தில் கொடியில் ஒரு பனியன் தொங்குகிறது. வெள்ளைப் பனியனாகத்தான் இருக்க வேண்டும், படத்தில் அது மஞ்சளாக இருக்கிறது. பின்னாலுள்ள கைப்பிடிச் சுவர் சிமெண்டுப் பூச்சு, அதுவும் பழுப்பாகத் தெரிகிறது. மாடிப்படி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் ஏறியிருக்கிறது. வெள்ளை மஞ்சளானால் சாம்பல் பழுப்பாகும். ஆகவே விலங்கின் நிறம் சாம்பலாகவும் இருக்கலாம். நிறத்தை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும்.

அளவு எடுப்பதற்குக் குழாய் உதவியது. கட்டடங்களில் போடுகிற நாலு இஞ்ச் பி.வி.சி. குழாய் என்றால் வெளிவிட்டம் 11 சென்டிமீட்டர். அதன் மேலேயே விலங்கு நிற்பதால் இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றன, உருவமும் பக்கவாட்டில் இருக்கிறது. விலங்கு நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் நீளம் குறைந்து தெரியும், இந்தக் கணக்கு பலிக்காது. ஸ்கேல் வைத்து அளந்தேன். பிரிண்டில் குழாயின் கனம் 4 மில்லிமீட்டர், மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 20, வால் 18. குழாயைப் போல ஐந்து மடங்கு என்றால் உடல் 55 சென்டிமீட்டர், வால் ஏறத்தாழ 50. வீட்டுப் பூனைக்கு வால் இவ்வளவு நீளம் வராது. சிறுத்தைக்குட்டி தாயை விட்டுத் தனியாக மாடியில் உலவுவது நடக்காத காரியம், அதற்கு உடம்பெல்லாம் புள்ளியும் இருக்கும். கீரி பகலில் திரிவது, இருட்டத் தொடங்கினால் வளைக்குப் போய்விடும்.

மழைக்காட்டை விட்டு அதிகம் வராத பழுப்பு மரநாயையும் ஒதுக்கினால் மிச்சம் இருப்பது இரண்டு. சமவெளியில் ஊருக்குள்ளேயே வாழ்கிற சாதாரண மரநாய் ஒன்று, புனுகுப்பூனை மற்றொன்று. புனுகுப்பூனையின் வாலில் கறுப்பும் வெளுப்புமாக வளையம் வளையமாக இருக்கும். படத்தில் வளையம் தெரியவில்லை. ஆனால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்தி வெளிச்சத்தில் போன் கேமரா வெகுநேரம் திறந்திருந்து ஒளியைச் சேர்க்கிறது. அதற்குள் வால் அசைந்தால் வளையங்கள் ஒன்றோடொன்று குழைந்து ஒரே நிறமாகிவிடும். படம் கைவிடுகிற இந்த இடத்தில்தான் கடிதம் கை கொடுக்கிறது. அவர் கண்ணால் பார்த்து "முழுக்கக் கறுப்பு" என்று எழுதியிருக்கிறார். கிளையைப் பிடித்து இறங்கியதையும் எழுதியிருக்கிறார். புனுகுப்பூனை பெரும்பாலும் தரையில் புல்லுக்குள்ளும் புதருக்குள்ளும் திரிவது. முகத்தில் கறுப்பு, கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு என்பது மரநாயின் முகம்.

ஆனாலும் என்னை முழுதாக நம்ப வைத்தது கடைசியில் அவர் போகிற போக்கில் எழுதிய எச்சம்தான். மரநாய் ஊன் தின்னும் விலங்குகளின் வரிசையில் வந்தாலும் பழத்தில்தான் அதற்கு உயிர். நாவல், அத்தி, சப்போட்டா, பப்பாளி, மாம்பழம் எது கிடைத்தாலும் விழுங்கிவிட்டுக் கொட்டையைச் சேதமில்லாமல் வெளியேற்றும். அதையும் மறைவில் போடாது. பாறை, கிடைக்கிளை, சுவர், கூரை என்று திறந்த மேட்டில், அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போடும். தொட்டி மூடி அதற்குத் தோதான இடம். பாவம், பையன்கள் வீணாகத் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஜூன் 26

பதில் எழுதித் தபாலில் சேர்த்தேன். அது மரநாய், தானாக வந்து யாரையும் கடிக்காது, மூலையில் மடக்கினாலோ கையால் பிடிக்கப் போனாலோதான் கடிக்கும் என்று எழுதினேன். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும், எந்தப் பாலூட்டி கடித்தாலும் இதேதான் என்றும் சேர்த்தேன். அவர் உண்மையில் பயப்பட வேண்டியது தொட்டித் தண்ணீருக்குத்தான். மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தால் எச்சம் மழையோடு உள்ளே இறங்கும். தொட்டியைக் காலி செய்து கழுவி, குளோரின் போட்டு, மூடியை இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

இரண்டு காரியம் அவரையே செய்யச் சொல்லியிருக்கிறேன். கைப்பிடிச் சுவரின் மேல் அது நடக்கிற இடத்தில் கோலமாவை மெல்லிசாகத் தூவி வைத்து, விடிந்ததும் மேலிருந்து நேராகப் படம் எடுக்க வேண்டும், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து. இன்னொன்று, கடையில் வெளிச்சம் கூட்டிப் போட்ட பிரிண்ட் வேண்டாம், போனில் இருக்கிற அசல் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்.

ஜூலை 2

இரண்டும் வந்துவிட்டன. அசல் படம் எடுத்த நேரம் 18:58. அந்த ஊரில் ஜூன் கடைசியில் சூரியன் ஆறே முக்காலை ஒட்டி மறைகிறது. ஆக அது வெளியே கிளம்புகிற வேளை. அசலில் நிழல்களை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பார்த்தேன். முதுகில் நீளவாக்கில் கோடுகள், மூன்று இருக்கும், லேசாகத் தெரிகின்றன. பிரிண்டில் அது சுத்தமாக அழிந்துபோயிருந்தது.

கோலமாவுப் படம் அருமை. நாய்க்கும் பூனைக்கும் தடத்தில் நாலு விரல்தான் பதியும். இதில் ஐந்து விரலும் தெளிவாக இருக்கின்றன. பின்காலின் தடத்தில் உள்ளங்காலும் சேர்த்துப் பதிந்திருக்கிறது. மரம் ஏறுகிற கால், அடியில் முடியில்லாமல் வழுவழுப்பாக இருப்பதால் மாவில் அப்படியே அச்சாக இறங்கியிருக்கிறது. விரல் வேலைப்பாட்டைப் பார்க்கப் பையன்கள் வரிசையில் நின்றார்களாம்.

ஜூலை 9

காப்பாளர் போனில் பேசினார். குரலில் பதற்றம். மாடி ஓரத்தில் பழைய கட்டில், மெத்தை போட்டு வைக்கிற அறையின் பரணில் கீச் கீச்சென்று சத்தம் கேட்கிறதாம். ஓட்டை எது என்று கண்டுபிடித்துவிட்டார். சுவரும் கூரையும் சேருகிற மூலையில் இரண்டு ஓடு விலகியிருக்கிறது. "நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு அடைச்சிரலாமா சார்?" என்றார்.

நான் கொஞ்சம் உரக்கவே வேண்டாம் என்று சொன்னேன். இப்படித்தான் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. இரவில் தாய் வெளியே போயிருக்கும்போது ஓட்டையை அடைப்பார்கள். உள்ளே குட்டிகள் பசியில் செத்து நாறும். வெளியே தாய் இரவெல்லாம் ஓட்டைப் பிறாண்டிப் பெயர்க்கும். மரநாய் ஒரு ஈற்றில் இரண்டிலிருந்து ஐந்து குட்டி வரை போடும். பால் மறக்க இரண்டு மாதம் ஆகும். அதுவரை பரண் அதனுடையது. கூண்டு வைத்துப் பிடித்து மலையில் கொண்டுபோய் விடலாமே என்றும் கேட்டார். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. அனுமதியே கிடைத்தாலும் பலன் இல்லை. பழகாத காட்டில் விட்ட விலங்கு பிழைப்பது கஷ்டம், காலியான பரணுக்கு இன்னொன்று குடி வரும்.

அவர் சற்று யோசித்துவிட்டு, அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பொறுப்பை ஒரு சொல்லில் ஏற்றுக்கொள்கிற மனிதர். அவர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

ஆகஸ்ட் 3

ஒரு சின்ன வீடியோ வந்தது. தாய் முன்னால், மூன்று குட்டிகள் பின்னால், குழாயின் மேல் வரிசையாக. மூன்றாவது குட்டி நடுவில் நின்றுவிடுகிறது. தாய் திரும்பி வந்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நடக்கிறது. இந்த முறை போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஜூம் செய்யாமல், ஃபிளாஷ் போடாமல் எடுத்திருக்கிறார். நான் சொன்னபடியே. மூன்று குட்டிகளின் முகத்திலும் அந்த வெள்ளைத் திட்டு தெரிகிறது.

செப்டம்பர் 14

அறையில் சத்தம் நின்று சில நாளாகிறது என்று தகவல். ஓட்டையை உடனே அடைக்காமல் பழைய தினத்தாளைச் சுருட்டி லேசாகச் செருகி வைக்கச் சொல்லியிருந்தேன். உள்ளேயோ வெளியேயோ எது போனாலும் தாள் விழுந்துவிடும். மூன்று இரவு தாள் அசையாமல் இருந்தால் காலி என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியே இருந்ததாம். கொத்தனார் ஓட்டைச் சரிசெய்து, இடுக்கில் கம்பிவலை வைத்துப் பூசிவிட்டார். மாடியைத் தொடுகிற நாவல் கிளையை மட்டும் கழித்திருக்கிறார்கள், மரத்தை வெட்டவில்லை. சமையலறைக் கழிவுத் தொட்டிக்கு மூடியும் வந்துவிட்டது.

எச்சம் இப்போது காம்பவுண்டுச் சுவரின் மேல் கிடக்கிறதாம். பையன்களில் ஒருவன் அதிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கி, கழுவி, விடுதிக் கொல்லையில் ஊன்றியிருக்கிறான். முளைக்குமா என்று காப்பாளர் கேட்டிருந்தார். கொட்டை உடையாமல் வந்திருந்தால் முளைக்கும், ஆனால் நாவல் விதையை வெயிலில் காயவிட்டால் சீக்கிரம் செத்துவிடும், பொறுக்கிய அன்றே ஈரமண்ணில் ஊன்றச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன்.