ஓரத்தில் நின்ற இரண்டு பிள்ளைகள்

எங்கள் பாடசாலையில் தரம் 11 பிள்ளைகளின் பிரிவுபசாரத்தன்று குழுப்படம் ஒன்று எடுத்தோம். பிள்ளைகள் 31 பேர், அதிபரோடு ஆசிரியர்கள் நான்கு பேர். 12×8 அளவில் அச்சடித்து, சட்டம் போட்டு, அலுவலகச் சுவரில் மாட்டினோம். பிள்ளைகளின் படம் என்பதால் இங்கே போடவில்லை. ஆனால் அதில் நாங்கள் விட்ட பிழைகளைச் சொல்லலாம் என்று நினைக்கிறோம். தவணை முடிவில் பல பாடசாலைகளில் இதே படம்தான் இதே பிழைகளோடு எடுக்கப்படுகிறது.

படம் மாட்டிய அன்று பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்களைத் தேடினார்கள். பின்வரிசையின் இடது ஓரத்தில் நின்ற மகளுக்கு ஒரு தோளும் அரை முகமும்தான் இருந்தது. வலது ஓரத்து மகனுக்கும் அப்படியே. அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்ல டீச்சர், நான்தானே ஓரத்தில நின்டன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தப்பு தன்னுடையது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு போவதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை.

முல்லைத்தீவில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது சின்ன விடயமல்ல. 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது அல்பங்களை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. வாப்பாவின் பள்ளிக்கூடப் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. எங்களோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள் சிலருக்கு 2009இல் அதேதான் நடந்தது. ஒரு படத்தில் யார் இல்லை என்பதை இங்கே எல்லோரும் முதலில் பார்ப்பார்கள்.

முதலில், ஓரம் எப்படி வெட்டுப்பட்டது? போனைத் திறந்து பார்த்தோம். ஆச்சரியம், இருவரும் முழுசாக இருந்தார்கள்! குறை எடுத்ததில் அல்ல, அளவில். போன் கமெரா 16:9 என்ற அளவில் இருந்திருக்கிறது. திரை முழுக்கத் தெரிவது அழகாக இருக்கும் என்று யாரோ மாற்றி வைத்தது. அது நீளமான படம். 12×8 தாள் அவ்வளவு நீளமில்லை. தாளை முழுதாக நிரப்பி அச்சடித்தால் அகலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும், அதாவது பக்கத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. எங்கள் பின்வரிசையில் 11 பேர். இரண்டு ஓரத்திலும் ஒரு விரற்கடை இடைவெளிதான் விட்டிருந்தோம். கணக்குப் பார்த்தால் பக்கத்துக்கு அரைப் பிள்ளை வெட்டுப்படத்தான் செய்யும். ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கமெராவை 4:3 அளவுக்கு மாற்றினால் இந்தப் பிரச்சினை ஓரத்தில் வராது. அப்போது வெட்டு மேலும் கீழும் விழும், உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் தாராளமாக இடம் விட வேண்டும். ஓரங்களில் எப்படியும் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடைவெளி விடுவது நல்லது. மிஞ்சியதைப் பிறகு வெட்டலாம், இல்லாததை ஒட்ட முடியாது.

இரண்டாவது, கண்கள். எண்ணிப் பார்த்தோம். 14 பிள்ளைகள் கண்ணைச் சுருக்கியிருந்தார்கள், மூன்று பேர் முழுசாக மூடியிருந்தார்கள். மற்றவர்களுக்கும் கண் இருந்த இடத்தில் கறுப்புக் குழிதான். நிகழ்ச்சி முடிந்து பதினொன்றரை மணிக்கு, மைதானத்தின் நடுவில், வெயிலைப் பார்க்க நிற்பாட்டி எடுத்தோம். உச்சி வெயில் நெற்றியிலும் மூக்கிலும் விழும், கண்ணுக்குள் இறங்காது. வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பர்தாவும் அந்த வெயிலில் பளிச்சென்று எரிய, கமெரா வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து முழுப் படத்தையும் இருட்டாக்கிவிட்டது. உடுப்பு நன்றாக இருக்கிறது, முகங்கள் கரிபோல இருக்கின்றன.

மறுபடி எடுப்பது என்று முடிவானதும் வேப்பமரத்தடிக்குத்தான் முதலில் போனோம். அதுவும் சரிவரவில்லை. இலைகளுக்கிடையால் விழும் வெயில் ஒருவரின் கன்னத்தில் வட்டமாகவும் இன்னொருவரின் மூக்கில் கோடாகவும் விழுந்தது. நேரில் கண்ணுக்குப் பெரிதாகப் படாது, படத்தில் தேமல் போலத் தெரியும்.

சரியாக வந்தது கட்டட நிழல். எங்கள் வகுப்பறைக் கட்டடத்தின் மேற்குப் பக்கம் காலை எட்டரைக்கு ஐந்தாறு மீற்றர் அகலத்துக்கு ஒரே சீரான நிழல் விழும். சுவரிலிருந்து இரண்டு மீற்றர் முன்னால், எல்லோரும் நிழலுக்குள் இருக்கும்படி நிறுத்தினோம். நிழல் முடியும் இடத்திலிருந்து வெள்ளை மணல், அதில் வெயில். அந்த மணல்தான் கீழிருந்து முகங்களுக்கு வெளிச்சம் கொடுத்தது. கண் குழிகள் மறைந்துவிட்டன, யாரும் கண்ணைச் சுருக்கவில்லை. எடுக்கிறவர் மட்டும் வெயிலில் நிற்க வேண்டும். கூரைக்கு மேலால் சூரியன் லென்ஸில் அடிக்காமல் ஒரு பிள்ளையின் அப்பியாசக் கொப்பியைப் போனுக்கு மேலே குடைபோலப் பிடித்தோம். திரையில் நடுவரிசை முகமொன்றைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினோம்.

வரிசைகளையும் மாற்றினோம். முன்னால் கதிரைகள், அடுத்தது தரையில் நிற்பவர்கள், பின்னால் வாங்கில் நிற்பவர்கள். முன்னால் இருப்பவர்களின் இரண்டு தலைக்கு நடுவே பின்னவரின் முகம் வர வேண்டும். "உங்களுக்குப் போன் தெரியுதா? தெரியாட்டி போனுக்கு உங்களைத் தெரியாது" என்று சொன்னதும் பிள்ளைகளே சரியாகிவிட்டார்கள். எடுக்கிறவர் கதிரையில் ஏறி, நடுவரிசையின் கண் மட்டத்துக்குப் போனைப் பிடித்தார். இடம் காணாது என்று 0.5 போடவில்லை, ஓரத்தில் நிற்பவர்களை அது இழுத்துப் பருமனாக்கிவிடும். அதற்குப் பதிலாக ஏழெட்டு எட்டு பின்னால் போனோம்.

கண் மூடுவதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. அவுஸ்திரேலிய இயற்பியலாளர் பியர்ஸ் பார்ன்ஸும் நிக் ஸ்வென்சனும் சேர்ந்து செய்தது. 2006இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. 20 பேருக்குக் குறைவென்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் தொகையை மூன்றால் வகுத்து வரும் எண்ணிக்கைப் படங்கள் எடுக்க வேண்டும், மங்கல் வெளிச்சமென்றால் இரண்டால். 50 பேர் அளவுக்குப் போனால் எல்லோரும் கண் திறந்த ஒரு படம் கிடைப்பதே அரிது. நாங்கள் 30 பேருக்கு மேல். அதனால் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லி, திறந்த அடுத்த கணம் தொடர்ந்து எடுத்தோம். இப்படி ஐந்து தடவை. பிள்ளைகளை அனுப்ப முதல் ஒவ்வொரு முகமாகப் பெருப்பித்துப் பார்த்தோம். நான்காவது தடவையில்தான் எல்லாக் கண்களும் திறந்திருந்தன.

ஆனால் அந்தப் படத்தில் 30 பிள்ளைகள்தான். வலது ஓரத்தில் அரை முகமாக நின்ற மகன் அதற்குள் குடும்பத்தோடு புத்தளம் போய்விட்டான். அவனுக்கு மறுபடி எடுக்க வழியில்லை. அதனால் பழைய படத்தையும் திரும்ப அச்சடித்தோம். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை விட்டுவிட்டு, எடுத்த போனிலிருந்தே மூலப் படத்தைக் கொடுத்து, "வெட்ட வேண்டாம், மேலும் கீழும் வெள்ளை விட்டு அடியுங்கள்" என்று சொன்னோம். முகங்கள் இருட்டுத்தான், கண்ணும் சுருங்கித்தான் இருக்கிறது. ஆனால் 31 பேரும் முழுசாக இருக்கிறார்கள்.

இப்போது இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. புதிய படத்துக்கு அந்த மகளை நடுவில் நிற்கச் சொன்னோம். கூட்டாளி நிற்கிற இடத்தில்தான் நிற்பேன் என்று மறுபடி இடது ஓரத்துக்கே போனாள். போகட்டும் என்று விட்டோம். இந்த முறை அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் இருக்கிறது.