டாக்டரிடம் எடையைப் பற்றிப் பேசப் போகும்போது

போன வருடம் தை மாதம் எடைக்காக ஒரு டாக்டரிடம் போனேன். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 79 கிலோ.

"எப்போதிலிருந்து ஏறுது சார்?"

"ரிடையர் ஆனதிலிருந்து இருக்கும்."

"என்ன சாப்பிடுறீங்க?"

"எல்லாரையும் போலத்தான்."

இப்படிப் பதில் சொன்னால் அவர் வேறென்ன சொல்வார்? வாயைக் கட்டுங்கள், நடங்கள் என்றார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

தன் சமையல்தான் காரணமோ என்று என் மனைவிக்கு வருத்தம். எண்ணெயைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். நான் காலை டிபனை நிறுத்தினேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டேன். பத்தாம் நாள் பாங்க் வரிசையில் நிற்கையில் கை நடுங்கி, சட்டை வேர்வையில் நனைந்து, கண் இருட்டியது. யாரோ நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தேன்.

விஷயம் கேட்ட மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, 34 வருஷம் ஆபீசில் ஊரார் ஃபைலையெல்லாம் பார்த்தீங்க. உங்களுக்குன்னு ஒரு ஃபைல் இருக்கா?"

இல்லை. அன்று மாலையே உட்கார்ந்தேன்.

பழைய மருந்துச் சீட்டுகளை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு வைத்திருந்தேன். பல சீட்டுகளின் மேல் மூலையில் அன்றைய எடையை நர்ஸ் எழுதியிருந்தார். தேதிவாரியாக அடுக்கி, ஒரே தாளில் தேதி, எடை, அப்போது மாறிய மருந்து என்று மூன்று கட்டம் போட்டேன். 2019-ல் ரிடையர் ஆனபோது 72. 2022 தொடக்கத்தில் 73. அந்த ஆகஸ்டில் கிளிமிபிரைடு மாத்திரை 1 மில்லிகிராமிலிருந்து 2 ஆனது. 2023-ல் 76. இப்போது 79. ரிடையர் ஆனதிலிருந்து என்று நான் சொன்னதே தவறு!

அடுத்து இரண்டு வாரம் ஒரு நோட்டு. டிபனை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். காலையில் சிறுநீர் கழித்த பின், காபிக்கு முன், அதே லுங்கியோடு, அதே மிஷினைத் தரையில் சமமாக வைத்து எடை பார்த்தேன். சாப்பிட்டதை நேரத்தோடு எழுதினேன். உடம்பு எப்படி இருந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்தேன். நான்காம் நாளே ஒன்று தெரிந்தது. பெரும்பாலும் பதினொரு மணிக்கு ஒரு படபடப்பு, அகோரப் பசி. உடனே நாலு பிஸ்கட், சர்க்கரை போட்ட காபி. ஒருநாள் அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 62. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

இந்த முறை சர்க்கரை டாக்டரிடம் போனேன். தாள், நோட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவுகள், வீட்டிலிருந்த எல்லா மாத்திரை அட்டைகளும் கையில். மூட்டுவலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி எதையும் விடவில்லை. தாளின் தலையில் நான்கு கேள்விகள்:

1. இந்த மருந்துகளில் பசியையோ எடையையோ கூட்டுவது எது?
2. ஏறியிருப்பது கொழுப்பா, நீரா? தைராய்டு பார்க்க வேண்டுமா?
3. என் வயதுக்கு எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தால் போதும்? தசை கரையாமல் எப்படிக் குறைப்பது?
4. சாப்பாட்டைக் குறைத்தால் மாத்திரை அளவும் மாற வேண்டுமா?

டாக்டர் தாளைப் பார்த்ததும் ஆகஸ்ட் வரியில் விரலை வைத்தார். "இந்த மாத்திரை சர்க்கரையை ரொம்ப இறக்குது. உடம்பு பசிக்குது, நீங்க சாப்பிடுறீங்க, எடை ஏறுது. டிபனை நிறுத்திட்டு இதைப் போட்டதுதான் சார் ஆபத்து." மூன்று மாதச் சராசரி 6.1 இருந்தது. உங்கள் வயதுக்கு 7 பக்கம் இருந்தால் போதும் என்று மாத்திரையைப் பழையபடி 1 ஆக்கினார். காலை அமுக்கிப் பார்த்தார், வீக்கம் இல்லை. தைராய்டு சரியாக இருந்தது. ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைந்தால் போதும், வேளைதோறும் பருப்போ முட்டையோ தயிரோ இருக்கட்டும், நடையோடு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் செய்யுங்கள் என்றார்.

எல்லோருக்கும் மாத்திரைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. யாரும் தாமாக மாத்திரையைக் குறைக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் நோட்டுப் போட்டுக்கொண்டிருக்காமல் அன்றே போய்விடுங்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் மூன்று நாலு கிலோ இறங்கினாலும் காட்டத்தான் வேண்டும்.

ஆடியில் 75.5 இருந்தேன். பதினொரு மணிப் பசி போய்விட்டது. வீட்டில் சாம்பாருக்கு மறுபடி தாளிப்பு வந்துவிட்டது. துணிக்கடைப் பை போய், மருந்துச் சீட்டுகளுக்கென்று ஒரு ஃபைலும் வந்திருக்கிறது.