சனிக்கிழமை சாயங்கால இருப்பு

திருப்பூரில் ஒரு ஆர்டர் தாமதமானால் முதலில் திட்டு வாங்குவது சாயப்பட்டறை. அடுத்தது பிரிண்டிங், அதற்கடுத்து தையல். மெர்ச்சண்டைசிங் டிபார்ட்மெண்டின் மெயில் பெட்டியை யாரும் திட்டுவதில்லை, ஏனென்றால் அங்கே தேங்கிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. சாயத்துக்குப் போகாமல் கிடக்கிற துணி ரோலைக் கடந்து போகிறவன் காலில் இடித்துக்கொள்வான். ‘பிபி சேம்பிளில் கழுத்து அகலம் அரை இன்ச் குறையணும், மாத்தி அனுப்புங்க’ என்று பையர் போட்ட மெயில் ஒன்பது நாளாகக் கிடந்தாலும் யார் காலிலும் இடிக்காது. அந்த சேம்பிள் ஓகே ஆகாமல் கட்டிங் போட முடியாது. கட்டிங் தள்ளினால் எல்லாம் தள்ளும். கடைசியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டிய சரக்கு, நம் செலவில் விமானத்தில் போகும்.

அதனால் மெர்ச்சண்டைசிங் மெயிலையும் ஸ்டாக் ரிஜிஸ்டர் போல எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆரம்ப இருப்பு, வரவு, முடித்தது, முடிவு இருப்பு. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் இந்த நான்கு எண்களை எழுதுகிறோம். முதல் மூன்றைக் கூட்டிக் கழித்தால் நான்காவது வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு மெயில் பதிவாகாமல் போயிருக்கிறது, அல்லது பதில் போடாமலே முடிந்ததாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. துணி கணக்கு உதைத்தால் குடோனில் போய் எண்ணிப் பார்ப்போம் இல்லையா, இங்கேயும் அதே வேலைதான்.

எதை ஒன்று என்று எண்ணுவது என்பதில்தான் முதல் சிக்கல். பொதுப் பெட்டியில் பெரும்பாலும் படிக்காத மெயில்களின் எண்ணிக்கையைத்தான் பாக்கி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஐடியை நான்கு பேர் பயன்படுத்துகிற இடத்தில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ராத்திரி ஒருவர் வீட்டில் போனில் திறந்து பார்த்திருப்பார், தடித்த எழுத்து மெலிந்துவிடும், காலையில் மற்ற மூன்று பேருக்கும் அது பழைய மெயில். “அண்ணா, மெயிலெல்லாம் பாத்தாச்சுங்க” என்று பையன்கள் சொல்வது பொய்யில்லை. பார்த்திருக்கிறார்கள், பதில்தான் போகவில்லை.

இன்னொரு சிக்கல், ஜிமெயிலில் ஒரே தலைப்பில் வரும் கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிடுவது. ஒரு கட்டுக்குள் மூன்று ஸ்டைல்களின் ஃபிட் கமெண்ட்ஸ், ஒரு லேப் டிப் மறுப்பு, ஒரு இன்ஸ்பெக்‌ஷன் தேதிக் கேள்வி எல்லாம் கலந்திருக்கும். மேலே தெரிகிற கேள்விக்கு மட்டும் பதில் போட்டுவிட்டு, கட்டு முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம். அதனால் எங்கள் ஷீட்டில் ஒரு ஸ்டைலின் ஒரு கேள்விக்கு ஒரு வரி. அதே கேள்விக்கு பையர் நினைவூட்டல் போட்டால் புது வரி கிடையாது, பழைய வரியிலேயே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளைத் தனியாகக் கூட்டினால் கிடைக்கும் எண்ணை நான் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் நம்புகிறேன். நம் ஆட்கள் யாரும் அதைத் திருத்த முடியாது, எழுதுவது பையர் அல்லவா. ஷீட் போடச் சோம்பலான அலுவலகத்தில்கூட வாரம் ஒருமுறை தேடல் கட்டத்தில் இதைத் தட்டிப் பார்க்கலாம்:

```
in:inbox reminder newer_than:7d
```

அடுத்தது, பதில் போட எவ்வளவு நேரம் ஆனது என்பது. கடிகாரத்தை அப்படியே ஓடவிட்டால் தப்பான பதில் வரும். ஜெர்மனி பையர் வெள்ளிக்கிழமை அவர்கள் நேரம் மாலை 4 மணிக்கு மெயில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், இங்கே இரவு 7.30. நாம் திங்கள் காலை 11 மணிக்குப் பதில் போடுகிறோம். கணக்குப்படி 63 மணி நேரம் தாண்டிவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் ஜெர்மனியில் காலை 7.30. அவர் ஆபீஸ் வந்து கம்ப்யூட்டரைத் திறக்கும்போது பதில் இருக்கிறது, ஒரு நிமிஷம்கூட அவருக்கு வீணாகவில்லை. இன்னொரு மெயில் செவ்வாய் நமக்கு மதியம் 1 மணிக்கு வருகிறது, புதன் மாலை 5 மணிக்குப் பதில் போகிறது. 28 மணி நேரம்தான். ஆனால் ஜெர்மனியில் புதன்கிழமை காலை முழுவதும் போய்விட்டது. 63-ஐ விட 28 மோசம்.

ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு ஒரே கேள்வி வைத்தோம்: பையரின் அடுத்த வேலை நாள் தொடங்கும்போது பதில் அங்கே இருந்ததா, இல்லையா? அவர் 9 மணிக்கு உட்காருவதாக எடுத்துக்கொண்டால், கோடையில் ஜெர்மனிக்கு நம் நேரம் மதியம் 12.30, நியூயார்க்குக்கு மாலை 6.30 கெடு. அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவும், நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவும் கடிகாரத்தை மாற்றியதும் இரண்டிலும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மார்ச்சில் அந்த ஒரு மணி நேரம் போய்விடும், அந்த வாரம் ‘இல்லை’ சற்று ஏறினால் பதற வேண்டாம். நமக்குச் சனிக்கிழமை வேலை நாள், அவர்களுக்கு லீவு. சனிக்கிழமையை முழுக்கப் பழைய மெயிலுக்கு ஒதுக்குவது திருப்பூருக்கு வாய்த்த சலுகை, அதைப் பேக்கிங் லிஸ்ட் அடிப்பதில் தொலைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்.

பதில் என்றால் எது பதில்? ‘நோட்டட், வில் ரிவர்ட்’ என்று ஒரு வரி தட்டிவிடுவது எங்கள் ஊரில் ஒரு கலை. நேரத்தை அளக்கிறார்கள் என்று தெரிந்த மறுநாளே அந்த வரி பெட்டியை நிறைத்துவிடும். அதனால் பதிலில் ஒரு விடையோ, ஒரு தேதியோ, ஒரு கொரியர் நம்பரோ இருந்தால்தான் ஷீட்டில் ‘ஆம்’. ‘சாயப்பட்டறைக்குப் போயிருக்கிறது, புது லேப் டிப் வியாழன் கிளம்பும்’ என்றால் அது பதில். ஆனால் அந்த வரி முடிந்ததாகாது. லேப் டிப் கிளம்பி, கொரியர் நம்பர் போன பிறகுதான் முடிந்தது.

சராசரி செய்யும் விளையாட்டைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலாளிகள் முதலில் கேட்பது அதைத்தான். கணக்குக்கு வசதியாக இரண்டு வாரங்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் வாரம் ஆரம்ப இருப்பு 40. வந்தது 108. முடித்தது 100. இருப்பு 48. முடித்த நூறும் சுலபமானவை, ஒவ்வொன்றும் அரை நாளில் முடிந்தன. சராசரி அரை நாள், முதலாளிக்கு சந்தோஷம். இரண்டாம் வாரம் ஆரம்பம் 48, வரவு 102, முடித்தது 120, இருப்பு 30. முடித்ததில் நூறு வழக்கம்போல அரை நாள். மீதி இருபது, யாரும் கை வைக்காமல் விட்டிருந்த சிக்கலான விவகாரங்கள், ஒவ்வொன்றும் எட்டு நாள் பழசு. நூறுக்கு 50 நாள், இருபதுக்கு 160 நாள், மொத்தம் 210. அதை 120-ஆல் வகுத்தால் சராசரி ஒன்றே முக்கால் நாள். உயிரைக் கொடுத்துப் பாக்கியைக் குறைத்த வாரத்தில் சராசரி மூன்றரை மடங்காகிவிட்டது! இதைப் பார்த்து முதலாளி சத்தம் போட்டால் டிபார்ட்மெண்ட் ஒரே பாடத்தைத்தான் கற்றுக்கொள்ளும்: பழசைத் தொடாதே.

காரணம், முடிந்த மெயில்களின் நேரத்தை மட்டுமே இந்தச் சராசரி பார்க்கிறது. கிடக்கிற மெயில் கிடக்கிறவரை அதன் கண்ணில் படாது. முடித்த நாளன்றுதான் மொத்தமாக வந்து விழும். சராசரிக்குப் பதில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் இரண்டு வாரமும் அரை நாள்தான் வரும். ஆட்டம் குறையும், ஆனால் அந்த இருபதை அது காட்டாது. ஆகவே நடு எண்ணுக்குப் பக்கத்திலேயே, திறந்து கிடப்பதில் மிகப் பழையது எத்தனை நாள் என்பதையும் எழுத வேண்டும். ஞாயிறையும், தீபாவளி, பொங்கல் லீவையும் கழித்து வயதைக் கணக்கிட ஷீட்டில் ஒரு வரி போதும். A-யில் வந்த தேதி, D-யில் முடித்த தேதி, H-இல் லீவு நாட்கள். 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை என்று அர்த்தம்:

```
=IF(D2="", NETWORKDAYS.INTL(A2, TODAY(), 11, $H$2:$H$20)-1, "")
```

சராசரி சொல்வது உண்மையா என்று சோதிக்க இன்னொரு வழி உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-ல் நிரூபித்த விதி: வரிசையில் நிற்பவர் எண்ணிக்கையை, நாளொன்றுக்குக் கடந்து போகிறவர் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் காலம் கிடைக்கும். முதல் வாரத்தில் ஆறு வேலை நாளில் 100 முடிந்தது, நாளுக்குச் சுமார் 17. இருப்பு 48. வகுத்தால் கிட்டத்தட்ட மூன்று நாள். அரை நாள் என்று சராசரி சிரித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் பெட்டியில் மூன்று நாள் வேலை கிடந்திருக்கிறது. இரண்டாம் வாரம் நாளுக்கு 20, இருப்பு 30, ஒன்றரை நாள். இதுதான் நடந்ததற்குப் பொருந்துகிறது. வரவும் முடிவும் ஏறக்குறைய சமமாக ஓடும் காலத்துக்குத்தான் இந்த விதி சரியாக வரும். இருப்பு ஏறி இறங்குகிற வாரத்தில் இதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பாத, பையரோ நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருக்கிற வாரத்தில் வகுத்துப் பார்ப்பதே வேண்டாம். இருப்பு எண்ணை மட்டும் எழுதி வைத்தால் போதும்.

இந்த எண்களை ஆள்வாரியாகப் பிரித்து போர்டில் ஒட்டக்கூடாது. ஒருவர் கையில் பிளெய்ன் டி-ஷர்ட், இன்னொருவர் கையில் பிரிண்டும் எம்பிராய்டரியும் அளவு மாற்றமும் நிறைந்த குழந்தைகள் ஆடை. முதலாமவரின் பாக்கி எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

பிரித்தே ஆக வேண்டுமென்றால், யார் கையில் நிற்கிறது என்று பிரிக்கலாம். நம் கையில், சாயப்பட்டறை கையில், பிரிண்டிங் கையில், பையர் கையில் என்று ஷீட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. பையர் கையில் இருப்பது நம் பாக்கியில் சேராது, ஆனால் பட்டியலை விட்டும் போகாது. ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் அனுப்பி எதுவும் ஓகே ஆகாமல் பத்து நாள் போனால், நினைவூட்டல் போட வேண்டியது நாம்தான்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு எண்களை எழுதி முடித்ததும் மிகப் பழைய ஐந்து வரிகளை ஒருவர் சத்தமாக வாசிப்பார். ஸ்டைல் நம்பர், கேள்வி, எத்தனை நாள், யார் கையில். எங்கள் டிபார்ட்மெண்டில் அந்த ஐந்தில் இரண்டு மூன்று ஸ்ட்ரைக் ஆஃப்பாகவே இருக்கும், அதுவும் ஒரே பிரிண்டிங் யூனிட்டில். “அவங்க போனே எடுக்கறதில்லைங்க” என்பார்கள். திங்கள் காலை முதல் வேலையாக ஒருவர் துணி பிட்டும் ஆர்ட்வொர்க்கும் எடுத்துக்கொண்டு வண்டியில் அங்கேயே போய் நிற்பார்.