மயில் கழுத்து என்ன நிறம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சோபாவில் உட்கார இடமில்லை. எங்கே பார்த்தாலும் புடவைக் கட்டு. அவன் மனைவி நெகமத்துத் தறிகளிலிருந்து காட்டன் புடவை வாங்கி, சொந்தமாக வெப்சைட் வைத்து விற்கிறார். மேலே கிடந்த பார்சல் ஒன்று பிரிக்கப்பட்டு, திரும்ப ஒட்டப்பட்டிருந்தது.

"ரிட்டர்ன் வந்திருக்குண்ணா. படத்துல நீலம், வந்தது பச்சைன்னு எழுதியிருக்காங்க. அவங்க அம்மாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு வாங்கினதாம். விசேஷமே முடிஞ்சு போச்சு."

பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. போக ஒரு கூரியர், வர ஒரு கூரியர். மடிப்புக் கலைந்த புடவையை விலை குறைத்துத்தான் தள்ள வேண்டும். நான் பி.காம். இதையெல்லாம் கேட்டால் மனசுக்குள் தானாகவே ஒரு பேரேடு திறந்துகொள்ளும். ஆனால், அந்த அம்மாவின் ஏமாற்றத்தைப் பற்றில் எழுதுவதா, வரவில் எழுதுவதா?

புடவையைப் பிரித்துக் காட்டினார். மயில் கழுத்து! நேராகப் பிடித்தால் நீலம், கொஞ்சம் சாய்த்தால் பச்சை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே போகும் ஊடை நூல் பச்சை. வெளிச்சம் எந்த நூலில் பட்டு நம் கண்ணுக்குத் திரும்புகிறதோ, அந்த நிறம் தூக்கலாகத் தெரியும். துணி அசைந்தால் நிறமும் அசையும். போட்டோ அசையாதே! வாங்கியவர் சொன்னதும் நிஜம், விற்றவர் காட்டியதும் நிஜம்.

பாதி நிஜம் என்று சொல்ல வேண்டும். "எங்கேம்மா வெச்சு எடுத்தீங்க?" என்று கேட்டேன். கட்டில் மேல் விரித்து. தலைக்கு மேலே டியூப் லைட், பக்கத்தில் திறந்த ஜன்னல். எங்கள் பத்திரிகை போட்டோகிராபர் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ரெண்டு வகை வெளிச்சம் கலந்தால் கேமரா குழம்பும். புடவையே படம் முழுக்க அடைத்துக்கொண்டால், எது வெள்ளை என்று அதற்குத் தெரியாது. 'என்ன ஒரே பச்சையா இருக்கே' என்று அதுவாகவே நிறத்தைத் திருத்தப் பார்க்கும். போதாக்குறைக்கு அவர் மகன் எடிட்டிங்கில் கலரை 'லைட்டா' ஏற்றியிருந்தான்.

சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி எடுத்தோம். டியூப் லைட்டை அணைத்து, வெயில் நேராக விழாத ஜன்னலோரம். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு மட்டும் திருத்தம், அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. தட்டையாக ஒன்று, கொசுவம் மாதிரி மடித்துத் தொங்கவிட்டு ஒன்று, துணியை மெல்லத் திருப்புகிற மாதிரி பத்து விநாடி வீடியோ. பிறகு வீட்டிலிருந்த மூன்று போன்களிலும் படத்தைத் திறந்து புடவைக்குப் பக்கத்தில் வைத்தோம். மூன்றும் மூன்று நிறம்! ஒன்றில் ராத்திரிக்கான மஞ்சள் வெளிச்சம் ஆன் ஆகியிருந்தது. அதனால் எழுத்திலும் சொல்லிவிடுவது என்று முடிவானது: 'நீலப் பாவு, பச்சை ஊடை. மடிப்புகளில் பச்சை தூக்கலாகத் தெரியும்.'

துணியின் தன்மைக்கு 'சாஃப்ட்' என்று ஒரே வார்த்தை போட்டிருந்தார். எல்லாரும் போடுவது அது. ஒற்றை மடிப்புக்குப் பின்னால் கையை வைத்து ஜன்னல் பக்கம் பிடிக்கச் சொன்னேன். விரல் எவ்வளவு தெரிகிறதோ, துணி அவ்வளவு மெல்லிசு. உள்பாவாடை எந்தக் கலரில் வேண்டும் என்று வாங்குகிறவர்களே முடிவு செய்துகொள்வார்கள். புதுசில் கஞ்சி விறைப்பு இருக்கும், ரெண்டு சலவையில் இளகும் என்பதையும் சேர்த்தோம்.

அளவு '6.2 மீட்டர்' என்றிருந்தது. டேப் வைத்தால் 6.2 சரிதான். ஆனால், அதில் 80 சென்டிமீட்டர் பிளவுஸ் துணி. வெட்டிவிட்டால் கட்டிக்கொள்ள 5.4தான். அகலம் எங்கேயுமே இல்லை. உயரமான பெண்களுக்கு முதலில் தெரியவேண்டியதே அகலம்தான். அளந்தோம், 47 அங்குலம்.

கல்லூரியில் மனப்பாடம் செய்த 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் ஞாபகம் வந்தது. மாதிரியையும் காட்டி, விவரமும் சொல்லி விற்றால், சரக்கு ரெண்டோடும் ஒத்துப்போக வேண்டும். மாதிரியோடு மட்டும் ஒத்துப்போனால் போதாது. அன்றைக்கு ஐந்து மார்க்குக்காகப் படித்தது.

"இப்படி ஒண்ணு விடாம சொன்னா எவன்டா வாங்குவான்?" என்றான் நண்பன், வெற்றிலையை மடித்தபடி. நியாயமான பயம்தான்.

நேற்று அவன் மனைவி போன் செய்தார். "ஒருத்தங்க வீடியோவைப் பார்த்துட்டு, 'பச்சை எனக்குப் பிடிக்காது, வேண்டாம்'னு சொல்லிட்டாங்கண்ணா."

"வருத்தமாம்மா?"

"இல்லண்ணா. ரெண்டு கூரியர் மிச்சம்."